பட்டன் போனில் பாடம் கேட்கும் வழி



நம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மாலை வகுப்பு எடுக்கும் தன்னார்வலர் எழுதுகிறேன். பிள்ளைகள் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், அதனால் உங்களுக்கும் தெரிந்திருக்கும். வகுப்பில் நடத்துகிற பாடங்களை இப்போது ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கிறேன். காய்ச்சலில் படுத்த பிள்ளை, விட்டுப்போன பாடத்தை வீட்டிலிருந்தே கேட்கலாம். கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பங்கள் பிள்ளையோடு பாடத்தையும் கூடவே எடுத்துப் போகலாம். இதற்கு டச் போன் வேண்டாம். உங்களிடம் இருக்கிற பட்டன் போனே பெரும்பாலும் போதும்.

வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த யாராவது இந்தக் கடிதத்தை வாசிக்கட்டும். நீங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். ஒவ்வொரு இடத்திலும் நிறுத்தி, சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு, பிறகு மேலே வாசிக்கச் சொல்லுங்கள்.

வீடியோ இல்லை, குரல் மட்டும்

பாடப் புத்தகத்தில் ஆங்காங்கே கறுப்புப் புள்ளிகளாலான சதுரக் கட்டம் ஒன்று அச்சாகியிருக்கும். கியூஆர் கோடு என்பது அதுதான். டச் போனின் கேமராவை அதன் மேல் காட்டினால் பாட வீடியோ வரும். பட்டன் போனால் அந்தக் கட்டத்தைப் படிக்க முடியாது. வேறு யாராவது அந்த வீடியோவை உங்கள் போனுக்கு ஏற்றிக் கொடுத்தாலும் பெரும்பாலும் ஓடாது. `File format not supported` என்றோ, `Cannot play` என்றோ திரையில் காட்டிவிட்டு நின்றுவிடும். போனில் கோளாறு எதுவும் இல்லை. இப்போதைய வீடியோக்களை விரித்துக் காட்டும் அளவுக்குப் பட்டன் போனுக்குள் திறன் இல்லை, அவ்வளவுதான்.

எம்பி3 என்ற பாட்டு பைல், பாட்டுப் பாடும் பட்டன் போன் எல்லாவற்றிலும் ஓடும். அதனால்தான் பாடத்தையும் பாட்டு போலவே எம்பி3 பைலாகச் செய்திருக்கிறேன். இன்னொரு நன்மையும் உண்டு. பன்னிரண்டு நிமிட வீடியோ ஒன்று சாதாரணமாக 40, 50 எம்பி இருக்கும். அதே பன்னிரண்டு நிமிடம் குரல் மட்டும் என்றால் 3 எம்பிக்குள் அடங்கிவிடும். ஒரு நிமிடப் பாடத்துக்கு ஏறக்குறைய கால் எம்பி என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு நெட் செலவாகும், கார்டில் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

முதலில் போனைப் பார்த்துக்கொள்ளுங்கள்

போனை அணைத்துவிட்டுப் பின்மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுங்கள். சிம் செருகுகிற இடத்துக்குப் பக்கத்தில் அதைவிடச் சின்னதாக இன்னொரு இடம் இருக்கிறதா? அதுதான் மெமரி கார்டு செருகுகிற இடம். பிறகு போனை ஆன் செய்து மெனுவில் `Music` அல்லது `Audio player` இருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டும் இருந்தால் உங்கள் போனில் பாடம் கேட்கலாம். மெனு தமிழில் இருந்தால் இந்தப் பெயர்களும் தமிழில் வரும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர் கொஞ்சம் மாறும், வேலை ஒன்றுதான்.

டார்ச்சும் எஃப்எம் ரேடியோவும் மட்டும் உள்ள சில போன்களில் கார்டு செருக இடம் இருக்காது. அந்தப் போனில் இது நடக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்காரர்கள் என்னிடம் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு சேர்ந்து கேட்க ஏற்பாடு செய்யலாம்.

கார்டு கண்டிப்பாக வேண்டும். போனுக்குள்ளேயே இருக்கிற இடம் பல போன்களில் சில எம்பிதான். இரண்டு பாடம் ஏற்றினாலே `Memory full` என்று காட்டும். செல் கடையில் 8 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டு கேட்டு வாங்குங்கள். அதில் இரண்டாயிரம் பாடத்துக்கு மேல் பிடிக்கும். தொடக்கப் பள்ளி முழுவதற்கும் அது போதும். பெரிய கார்டாக இருக்கட்டும் என்று 64 ஜிபி வாங்கிவிடாதீர்கள். பட்டன் போன்கள் பல 32 ஜிபிக்கு மேல் உள்ள கார்டை அடையாளம் காணாது. சில போன்களுக்கு 16 ஜிபிதான் எல்லை. போன் வாங்கிய அட்டைப்பெட்டி இருந்தால் அதில் இந்த அளவு பெரும்பாலும் அச்சாகியிருக்கும்.

கார்டைச் செருகும்போது போன் அணைந்திருக்க வேண்டும். தங்க நிறக் கோடுகள் உள்ள பக்கம் போனை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். அழுத்தித் திணிக்காதீர்கள். சரியான பக்கம் என்றால் லேசாகத் தள்ளினாலே உள்ளே போகும்.

கார்டு போட்டதும் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மெனுவில் `File manager` அல்லது `My files` திறந்தால் `Phone`, `Memory card` என்று இரண்டு பெயர் தெரியும். `Memory card` தெரிந்தால் போன் கார்டை ஏற்றுக்கொண்டது என்று பொருள். அதற்குள் `My Music` என்ற அறை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் `Options` அழுத்தி, `New folder` எடுத்து, அந்தப் பெயரிலேயே ஒன்று உண்டாக்குங்கள். பல பட்டன் போன்களில் `Music` என்ற பாட்டுப் பெட்டி அந்த ஓர் அறைக்குள் மட்டும்தான் தேடும். வேறு எங்கே பாடத்தைப் போட்டாலும் அதன் கண்ணுக்குத் தெரியாது.

நெட்டிலிருந்து இறக்குவது

போன வாரம் பிள்ளைகளிடம் ஒரு சின்ன அட்டை கொடுத்தனுப்பினேன். அதன் மேல்பக்கத்தில் பாடங்கள் இருக்கும் நெட் முகவரி இருக்கிறது. கீழே ஒவ்வொரு பாடத்தின் பெயரும் அளவும் எழுதியிருக்கிறது. பட்டன் போனில் தமிழ்ப் பெயர்கள் பல சமயம் வெறும் கட்டங்களாகத் தெரியும். அதனால் பாடங்களுக்கு எண்ணும் எழுத்துமாகப் பெயர் வைத்திருக்கிறேன். `5M07` என்றால் ஐந்தாம் வகுப்பு, கணக்கு, ஏழாவது பாடம். தமிழுக்கு `T`, ஆங்கிலத்துக்கு `E`, அறிவியலுக்கு `S`, சமூக அறிவியலுக்கு `H`. இந்த ஐந்து எழுத்தும் உங்கள் பிள்ளைக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளலாம்.

இறக்கும் முன்பு சிம்மில் நெட் பேக் இருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பேக் இல்லாமல் நெட் திறந்தால், பேசுவதற்கு வைத்திருக்கும் காசிலிருந்து பிடித்துக்கொள்ளலாம். தெரியாவிட்டால் ரீசார்ஜ் கடைக்காரரிடம் எண்ணைச் சொன்னால் பார்த்துச் சொல்வார். பழைய 2ஜி பட்டன் போனில் ஜியோ சிம் வேலை செய்யாது, அந்தக் கம்பெனிக்கு 2ஜி கிடையாது. ஜியோ சிம் உள்ளவர்கள் 4ஜி பட்டன் போனில்தான் இறக்க முடியும்.

இனி ஒவ்வொன்றாகச் செய்யலாம்.

1. மெனுவில் `Internet` அல்லது `Browser` அல்லது `Opera Mini` திறவுங்கள்.
2. `Enter address` எடுத்து, அட்டையில் உள்ள முகவரியை அப்படியே அடியுங்கள். எல்லாம் சின்ன எழுத்து. புள்ளி வேண்டுமென்றால் `1` பட்டனை அழுத்துங்கள். எழுத்திலிருந்து எண்ணுக்கு மாற `#` பட்டனை அழுத்துங்கள். இடைவெளி எங்கும் விடக் கூடாது.
3. பக்கம் திறந்ததும் `Options` அழுத்தி `Bookmark` என்பதில் சேமித்துவிடுங்கள். அடுத்த முறை முகவரி அடிக்கும் வேலை இல்லை.
4. வகுப்பின் எண்ணை அழுத்தி உள்ளே போய், வேண்டிய பாடத்தின் பெயர் மேல் நின்று நடுப் பட்டனை அழுத்துங்கள்.
5. `Open`, `Save` என்று கேட்டால் `Save` கொடுங்கள். எங்கே வைப்பது என்று கேட்டால் `Memory card`, அதற்குள் `My Music` கொடுங்கள்.
6. நூறு சதவீதம் ஆகும்வரை சிவப்புப் பட்டனைத் தொடாதீர்கள். முடிந்ததும் சிவப்புப் பட்டனை அழுத்தி வெளியே வாருங்கள். நெட் திறந்தபடி கிடந்தால் பேக் கரையும்.

ஐந்தாவது படியில்தான் பலருக்குச் சிக்கல் வரும். `Open` கொடுத்தால் சில போன்கள் பாடத்தை இறக்கி ஒரு முறை பாடிவிட்டு, பிறகு அழித்துவிடும். மறுநாள் கேட்க நினைத்தால் மறுபடியும் நெட் செலவு. `Save` கொடுத்தால் ஒரு முறை செலவோடு முடிந்தது. அதன் பிறகு எத்தனை தடவை கேட்டாலும் நெட் தேவையில்லை, சிக்னல்கூடத் தேவையில்லை.

எவ்வளவு நேரம் ஆகும்? திரையின் மேல் மூலையில், சிக்னல் கோடுகளுக்குப் பக்கத்தில் ஓர் எழுத்து தெரியும். `E` என்றிருந்தால் பன்னிரண்டு நிமிடப் பாடம் இறங்க நான்கைந்து நிமிடம் ஆகும். `G` என்றிருந்தால் பத்து நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். `4G` உள்ள பட்டன் போனில் சில நொடியில் முடிந்துவிடும். `G` தெரிந்தால் கொஞ்சம் நகர்ந்து மாடிக்கோ திறந்த வெளிக்கோ போய்ப் பாருங்கள். பல சமயம் அது `E` ஆக மாறும்.

2ஜி போனில் பேச்சும் நெட்டும் ஒரே சமயத்தில் நடக்காது. பாடம் இறங்கிக்கொண்டிருக்கும்போது யாராவது கூப்பிட்டால், நீங்கள் எடுத்துப் பேசும் நேரத்தில் நெட் நின்றுவிடும். பேசி முடித்ததும் தொடரவும் செய்யலாம், பாதியோடு விட்டுவிடவும் செய்யலாம். அதனால் அழைப்பு வராத நேரமாகப் பார்த்து இறக்குங்கள். அதிகாலை ஐந்து மணிக்கு மேல், வேலைக்குக் கிளம்பும் முன்பு நல்ல நேரம். நெட் பயன்படுத்துகிறவர்களும் அப்போது குறைவு, வேகமும் கூடுதலாகக் கிடைக்கும்.

முழுதாக இறங்கியதா என்று அறிய

பாதி இறங்கிய பாடம் பார்ப்பதற்கு முழுப் பாடம் போலவே இருக்கும். பெயர் இருக்கும், அழுத்தினால் பாடவும் செய்யும். நடுவில் திடீரென்று நின்றுவிடும். பிள்ளை ஒன்றும் புரியாமல் விழிக்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி அளவைப் பார்ப்பதுதான்.

`File manager` வழியாகப் போய், பாடத்தின் பெயர் மேல் நின்று `Options` அழுத்தி `Details` எடுங்கள். `Size` என்ற இடத்தில் ஒரு எண் இருக்கும். அட்டையில் `5M07`க்கு நேராக `2812 KB` என்று எழுதியிருக்கிறேன். உங்கள் போனும் அதே எண்ணைக் காட்டினால் பாடம் முழுதாக இருக்கிறது. சில போன்கள் எம்பி கணக்கில் `2.7 MB` என்று காட்டும், அதுவும் சரிதான். `1150 KB` என்று காட்டினால் பாதிகூட வரவில்லை. அது ஐந்தாவது நிமிடத்துக்குச் சற்று முன்பே நின்றுவிடும். அதை `Delete` செய்துவிட்டு மறுபடியும் இறக்குங்கள். அழிக்காமல் இறக்கினால் இரண்டும் ஏறக்குறைய ஒரே பெயரில் கிடந்து, எது முழுப் பாடம் என்று குழப்பும்.

தெருவுக்கு ஒரு வீடு போதும்

ஒரே பாடத்தை எல்லா வீட்டிலும் தனித்தனியாக நெட் செலவழித்து இறக்க வேண்டியதில்லை. தெருவில் ஒரு வீட்டுக்காரர் இறக்கினால், மற்றவர்கள் ப்ளூடூத் வழியாக வாங்கிக்கொள்ளலாம். இதற்கு நெட்டும் வேண்டாம், காசும் வேண்டாம். டச் போனிலிருந்து பட்டன் போனுக்கும் பாடத்தை இதே முறையில் அனுப்பலாம்.

வாங்குகிறவர் முதலில் தன் போனில் `Bluetooth` ஆன் செய்து, `Visibility` என்பதையும் ஆன் செய்ய வேண்டும். அது அணைந்திருந்தால் அடுத்த போனுக்கு உங்கள் போன் தெரியாது. `Storage` என்று ஓரிடம் இருந்தால் அதில் `Memory card` கொடுத்துவிடுங்கள். அனுப்புகிறவர் பாடத்தின் பெயர் மேல் நின்று `Options`, `Send`, `Via Bluetooth` என்று போனால் பக்கத்தில் உள்ள போன்களின் பெயர்கள் வரிசையாக வரும். உங்கள் போன் பெயரை அழுத்தியதும் இரண்டு போனும் ரகசிய எண் கேட்கலாம். இரண்டிலும் `0000` என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் போதும். பிறகு உங்கள் போனில் `Accept` என்று கேட்கும்போது `Yes` அழுத்துங்கள். இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தால் ஒரு பாடம் ஒரு நிமிடத்துக்குள் வந்துவிடும்.

இப்படி வந்த பாடம் பெரும்பாலும் `Received` அல்லது `Bluetooth` என்ற அறைக்குள் போய் உட்காரும். அங்கிருந்து `Options`, `Move` கொடுத்து `My Music` அறைக்கு மாற்றுங்கள். வேலை முடிந்ததும் ப்ளூடூத்தை அணைத்துவிடுங்கள், சார்ஜ் மிஞ்சும்.

ஒரு பாடத்தைக் கேட்டுப் பார்ப்போம்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளை உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். அம்மா களையெடுப்பு முடித்து ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வருகிறார். காலையில் இறக்கிய `5M07` பாடம் கார்டில் இருக்கிறது. அது பின்னங்கள் பாடம்.

மெனுவில் `Music` திறந்ததும் பாட்டுகளின் வரிசை வருகிறது. பாடத்தின் பெயர் அதில் இல்லை. பயப்பட வேண்டாம். புதிதாக வந்த பைலைப் பாட்டுப் பெட்டி தானாகச் சேர்த்துக்கொள்ளாது. `Options` அழுத்தி `Refresh list` அல்லது `Update library` கொடுத்தால் வரிசையைப் புதிதாக எழுதிக்கொள்ளும். எண்ணில் தொடங்குகிற பெயர் என்பதால் `5M07` பாட்டுகளுக்கெல்லாம் மேலே வந்து நிற்கும். `Settings` என்பதில் `Repeat`, `Shuffle` இரண்டும் `Off` ஆக இருக்கட்டும். இல்லாவிட்டால் பாடம் முடிந்ததும் அதே பாடம் திரும்ப ஓடும், அல்லது சினிமாப் பாட்டுக்குத் தாவிவிடும்.

நடுப் பட்டனை அழுத்தினால் பாடம் தொடங்கும். அதையே மறுபடி அழுத்தினால் நிற்கும். இன்னொரு தடவை அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். உங்கள் வேலை இந்த ஒரு பட்டன்தான்.

பாடத்தில் ஆங்காங்கே ஒரு மணிச் சத்தம் வரும். மணி அடித்ததும் போனை நிறுத்த வேண்டும். அது பிள்ளை செய்து பார்க்க வேண்டிய இடம். பின்னப் பாடத்தில் முதல் மணி அடிக்கும் முன்பு, "பழைய நோட்டிலிருந்து ஒரு தாள் எடுத்து இரண்டாக மடி, அதை மறுபடியும் இரண்டாக மடி, பிறகு பிரித்துப் பார்" என்று சொல்லியிருக்கிறேன். மணி அடிக்கிறது, அம்மா பட்டனை அழுத்துகிறார். பிள்ளை தாளை மடித்துப் பிரிக்கிறது. நான்கு சம கட்டங்கள் தெரிகின்றன. அதில் ஒன்றை மட்டும் பென்சிலால் தீட்டினால் அது நான்கில் ஒன்று, கால். பிள்ளை தீட்டி முடித்த பிறகுதான் அம்மா மறுபடியும் பட்டனை அழுத்த வேண்டும். அது இரண்டு நிமிடமும் ஆகலாம், ஐந்து நிமிடமும் ஆகலாம். பிள்ளை முடிக்கட்டும்.

இரண்டாவது மணிக்கு முன்பு ஒரு கேள்வி வரும். நான்கில் ஒன்று பெரியதா, எட்டில் ஒன்று பெரியதா? பல பிள்ளைகள் எட்டில் ஒன்று என்றுதான் சொல்லும், நான்கைவிட எட்டு பெரிய எண் என்பதால். நீங்கள் உடனே விடையைச் சொல்லிவிடாதீர்கள். "அந்தத் தாளை இன்னும் ஒரு மடிப்பு மடிச்சுப் பாரு" என்று மட்டும் சொல்லுங்கள். பிரித்தால் எட்டு கட்டம் இருக்கும், ஒவ்வொரு கட்டமும் முன்பு இருந்ததில் பாதியாகச் சுருங்கியிருக்கும். தாள் ஒன்றுதான், பங்கு கூடக் கூட ஒவ்வொரு பங்கும் சிறுத்துக்கொண்டே போகிறது. பிள்ளை இதைத் தன் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகு பட்டனை அழுத்துங்கள். அம்மாவுக்குப் பின்னம் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை. எப்போது நிறுத்துவது, எப்போது தொடர்வது என்று தெரிந்தால் போதும்.

நடுவில் அழைப்பு வந்தால் பாடம் தானாக நிற்கும். பேசி முடித்ததும் பல போன்களில் தானாகத் தொடரும். தொடக்கத்துக்குப் போய்விட்டால் வலது பக்கப் பட்டனை விடாமல் அழுத்திப் பிடியுங்கள், பாடம் வேகமாக முன்னால் ஓடும். லேசாகத் தட்டினால் அடுத்த பாடத்துக்குத் தாவிவிடும், அழுத்திப் பிடிப்பதுதான் முறை. எந்த மணியில் விட்டீர்கள் என்று பிள்ளையை நோட்டில் குறித்துவைக்கச் சொன்னால், தேடுவது சுலபம்.

ஓடவில்லை என்றால்

"பேரு தெரியுது, ஆனா பாட மாட்டேங்குதுங்க" என்று போன வாரம் ஒரு தாத்தா வந்தார். அவர் போனில் கார்டு சற்று நகர்ந்திருந்தது. போனை அணைத்து, கார்டை எடுத்து, தங்கக் கோடுகளை மெத்தென்ற துணியால் துடைத்து மறுபடி செருகியதும் சரியாகிவிட்டது. பெயர் தெரிந்தும் பாடாவிட்டால் முதலில் இதைச் செய்து பாருங்கள். அடுத்து, முன்பு சொன்னபடி அளவைப் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் சத்தம் வரவில்லை என்றால் `Volume` குறைந்திருக்கலாம், அல்லது போன் `Silent` முறையில் இருக்கலாம். ஹெட்செட் செருகியிருந்தாலும் வெளியே சத்தம் கேட்காது.

நெட்டே திறக்கவில்லை என்றால் போனுக்குள் சிம் கம்பெனியின் நெட் அமைப்பு இல்லாமல் இருக்கலாம். `Settings` உள்ளே `Data account` அல்லது `Access point` என்ற இடத்தில் ஏர்டெல் சிம்முக்கு `airtelgprs.com` என்றும், பிஎஸ்என்எல் சிம்முக்கு `bsnlnet` என்றும் இருக்க வேண்டும். வேறு சிம் என்றாலோ, அந்த இடம் கண்ணில் படவில்லை என்றாலோ என்னிடம் கொண்டுவாருங்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமான எச்சரிக்கை ஒன்று. கார்டு சரியாகப் பொருந்தாதபோது சில போன்கள் `Format memory card?` என்று கேட்கும். `No` மட்டும் அழுத்துங்கள். `Yes` கொடுத்தால் கார்டில் உள்ள பாடம், பாட்டு, படம் எல்லாம் ஒரே நொடியில் போய்விடும். செல் கடையில் பாட்டு ஏற்றக் கார்டைக் கொடுக்கும்போதும், "உள்ள இருக்கறத அழிக்காம ஏத்துங்க, பாடம் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் கொடுங்கள். பழையதை மொத்தமாகத் துடைத்துவிட்டு ஏற்றுவது பல கடைகளில் வழக்கம்.

கரும்பு வெட்டுக்குக் கிளம்புகிற குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. போகிற இடத்தில் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். கிளம்பும் முன்பே கார்டை என்னிடம் கொடுங்கள். நீங்கள் திரும்பி வரும்வரைக்கான பாடங்களை மொத்தமாக ஏற்றித் தருகிறேன். பாட்டுப் பைல் ஓட்டச் சார்ஜ் அதிகம் செலவாகாது. இரவில் ஒரு முறை சார்ஜ் போட்டால் மறுநாள் பாடம் கேட்டது போகப் பேசுவதற்கும் மிஞ்சும்.

வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குப் பள்ளி வராந்தாவில் இருப்பேன். போனில் சார்ஜ் போட்டு, கார்டோடு கொண்டுவாருங்கள். கார்டு இல்லாதவர்களும் வாருங்கள், உங்கள் போனுக்கு எந்தக் கார்டு சேரும் என்று பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் தினமும் மாலை யாருடைய கையில் போன் இருக்குமோ அவரே வந்தால் நல்லது. பாடத்தை ஏற்றுவது, ஓட்டுவது, அளவைப் பார்ப்பது மூன்றையும் உங்கள் கையாலேயே ஒரு முறை செய்ய வைத்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
பள்ளித் தன்னார்வலர்